5.75 நிமிடம் என்றால் 5 நிமிடம் 75 வினாடியா?

காவலர் தேர்வுக்காக நம் பிள்ளைகள் சிலர் அதிகாலையில் ஓடிப் பழகுகிறார்கள். அதில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று அறிய 7-ஐ 1.5-ஆல் வகுத்தால், கால்குலேட்டரில் ஏறக்குறைய 4.67 வரும்.

இது 4 நிமிடம் 67 வினாடி அல்ல. பள்ளிவாசல் நேர அட்டையில் அஸர் 4.45 என்றால் 4 மணி 45 நிமிடம். அந்தப் புள்ளி வெறும் பிரிப்பு அடையாளம். கால்குலேட்டரின் புள்ளியோ நிமிடத்தை நூறு பங்காக்கிச் சொல்கிறது. நிமிடத்துக்கு 60 வினாடிதானே? ஆகவே முழு எண்ணை அப்படியே வைத்து, புள்ளிக்குப் பின்னுள்ளதை மட்டும் 60-ஆல் பெருக்க வேண்டும். 5.75-இல் 0.75 × 60 = 45; அதாவது 5 நிமிடம் 45 வினாடி. அதேபோல் 4.67 என்பது 4 நிமிடம் 40 வினாடி.

67, 75 என்று வந்தால் தவறு கண்ணில் படும். 60-க்குக் குறைந்தால் படாது. 4.50 என்பது 4 நிமிடம் 30 வினாடிதான். 50 வினாடி என்று படித்த பிள்ளை வீணாக மனம் தளர்வான்.

திருப்பிச் செய்யும்போது ஆபத்து அதிகம். கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 45 வினாடி ஓடுபவர் 4.45 × 1.5 என்று போட்டால் 6.675 வரும், தேறிவிட்டோம் என்று நினைப்பார். முதலில் 45-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும். 4.75 × 1.5 = 7.125; அதாவது 7 நிமிடம் 7½ வினாடி. தேர்வு நாளில் அவர் வெளியே நிற்பார்.