ஒரு பெட்டியில் பத்து ரீடுகள்

கிளாரினெட் ரீட் ஒன்றை விளக்குக்கு எதிரே பிடித்தால் அதன் அமைப்பு முழுவதும் தெரிந்துவிடும். அடிப்பகுதி ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தடிமன். வெளிச்சம் அதில் ஊடுருவாது. மேலே போகப் போக மெலிந்து, நுனியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நடுவில் நாக்கு வடிவில் ஒரு நிழல், இருபுறமும் வெளிச்சம், அவற்றுக்குள் அடியிலிருந்து நுனிவரை ஓடும் நேர்கோடுகள். அந்தக் கோடுகள்தான் நார்கள். ரீடைப் பற்றி வாசிப்பவருக்கு வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அவற்றிலேயே விடை இருக்கிறது.

ரீட் என்பது ஒரு புல்லின் தண்டு. அருண்டோ டோனாக்ஸ் என்ற உயரமான நாணல் வகை அது. உலகெங்கும் பெயர்பெற்ற ரீட் நாணல், பிரான்சின் தெற்கே மத்தியதரைக் கடலை ஒட்டிய வார் பகுதியில் விளைகிறது. இரண்டு ஆண்டு வளர்ந்த தண்டைக் குளிர்காலத்தில் வெட்டி, வெயிலில் திருப்பித் திருப்பிப் போட்டு மஞ்சளாக்கி, பிறகு நீண்ட காலம் நிழலில் பதப்படுத்துவார்கள். அந்தக் குழாயை நெடுக்கில் நான்காகப் பிளந்து, உட்புறத்தைத் தட்டையாக்கி, வெளிப்புறத்தை நுனி நோக்கிச் சீவினால் ரீட் கிடைக்கும். நாகஸ்வரத்தின் சீவாளியும் நாணலில் செய்வதுதான். சீவாளியில் இரண்டு நாக்குகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. கிளாரினெட்டிலும் சாக்ஸபோனிலும் ஒற்றை நாக்கு மவுத்பீஸின் விளிம்பில் போய் மூடித் திறக்கிறது.

பெட்டியின் மேல் 2, 2½, 3 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். எண் கூடினால் ரீட் தடிமனாக இருக்கும் என்றுதான் புதிதாக வாசிக்க வருபவர்கள் ஏறக்குறைய எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே ரகத்தில் 2 எண் ரீடையும் 4 எண் ரீடையும் ஒரே அச்சில், ஒரே அளவுக்குத்தான் சீவுகிறார்கள். சீவி முடித்த பிறகு ஓர் இயந்திரம் ஒவ்வொரு ரீடையும் நுனிப்பக்கமாக அழுத்தி, எவ்வளவு வளைகிறது என்று பார்க்கிறது. எளிதாக வளைந்தால் சின்ன எண், விறைத்து நின்றால் பெரிய எண். வெட்டு ஒன்றாகவே இருக்க, நாணல்தான் மாறுகிறது. நார் நெருங்கி வளர்ந்த தண்டு விறைப்பாகவும், நாருக்கு இடையில் மென்சதை கூடிய தண்டு நெகிழ்வாகவும் இருக்கும். தொழிற்சாலை செய்வதெல்லாம் இயற்கை கொடுத்ததைப் பிரித்து அடுக்குவதுதான்.

இது புரிந்தால் இரண்டு விஷயங்கள் தெளிவாகும். முதலாவது, ஓர் எண் என்பது ஒரு புள்ளி அல்ல, ஒரு வரம்பு. 2½ பெட்டியில் இருக்கும் மிக விறைப்பான ரீடும், 3 பெட்டியில் இருக்கும் மிக நெகிழ்வான ரீடும் வாய்க்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒரே பெட்டியின் பத்தும் பத்து விதமாகப் பேசுவது இதனால்தான். அதிலும் இயந்திரம் விறைப்பை மட்டும்தான் அளக்கிறது. இடப்புறமும் வலப்புறமும் சமமாக இருக்கிறதா என்பது எண்ணில் தெரியாது. இரண்டாவது, ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. ரிக்கோ ரீடில் 3 வாசித்துப் பழகியவர் வாண்டோரனின் சாதாரண ரகத்துக்கு மாறினால், பெரும்பாலும் 2½தான் பொருத்தமாக இருக்கும். அங்கும் 3 வாங்கிவிட்டு, தனக்கு மூச்சு போதவில்லை என்று வருந்துபவர்கள் உண்டு. அது மூச்சின் குறை அல்ல.

எண்ணை முடிவு செய்வதில் மவுத்பீஸுக்கும் பங்கு இருக்கிறது. ரீடின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளியை ரீட் ஒவ்வொரு முறையும் கடந்துபோய் மூட வேண்டும். கிளாரினெட்டில் வாண்டோரன் 5ஆர்வி மவுத்பீஸுக்கு அந்த இடைவெளி 1.065 மில்லிமீட்டர், பி45க்கு 1.195. படிக்கும்போது அற்ப வித்தியாசம். வாயில் வைத்தால் அப்படி இருக்காது: 5ஆர்வியில் இனிமையாகப் பேசும் அதே ரீட், பி45இல் முரண்டு பிடிக்கும். சாக்ஸபோனிலும் இதே கணக்குதான். இடைவெளி அகன்ற ஜாஸ் மவுத்பீஸ் வைத்திருப்பவர்கள் 2, 2½ என்று நெகிழ்வான ரீடையும், குறுகலானதில் வாசிப்பவர்கள் 3, 3½ என்று விறைப்பானதையும் எடுப்பது வழக்கம். ஆகவே பெரிய எண் வாசிப்பது பெரிய வித்தை என்ற பேச்சுக்கு ஆதாரமே இல்லை.

விறைப்பு மிகுந்தால் ஒலியோடு காற்றின் இரைச்சலும் சேர்ந்து வரும், மெதுவாகத் தொடங்க முடியாது, கீழுதடு வலிக்கும். நெகிழ்வு மிகுந்தால் மேல் ஸ்வரங்கள் சுருதி இறங்கும்; அழுத்தி ஊதினால் ரீட் மூடிக்கொண்டு ஒலியே நின்றுபோகும். பெட்டியை மாற்றும் முன் ரீடை நகர்த்திப் பார்க்கலாம். மவுத்பீஸின் நுனியைத் தாண்டி ஒரு மயிரிழை மேலே ஏற்றினால் கொஞ்சம் விறைக்கும். கீழே இறக்கினால் தளரும்.

இனி நுனி ஏன் பெயர்கிறது என்று பார்ப்போம். விளக்குக்கு எதிரே தெரிந்த அந்த நார்கள் எல்லாம் நெடுக்கில் ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டுவது எதுவும் இல்லை, நடுவில் இருப்பது மென்சதைதான். அடியில் நார்கள் பல அடுக்கு. நுனியிலோ ஓரிரு வரிசைதான். மேலும் கீழும் அந்த நுனி அசராமல் அசையும், அதற்காகவே சீவப்பட்டது. பக்கவாட்டில் ஒரு நூல் மாட்டி இழுத்தால் மட்டும், விறகு நெடுக்கில் பிளப்பதுபோல மூலை பெயர்ந்துவிடும். நனையாத ரீடில் மென்சதை முறுகலாக இருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

வாசிக்கும்போது பெயர்வதைவிடப் பொருத்தும்போது பெயர்வதே அதிகம். ரீடை முதலில் வைத்துவிட்டு லிகேச்சரை மேலிருந்து இறக்குவது முக்கியமான காரணம். உலோக விளிம்பு நுனியை உரசிக்கொண்டு போகும். லிகேச்சரை முதலில் தளர்வாக மாட்டிவிட்டு, ரீடின் அடிப்பகுதியை மேலிருந்து அதற்குள் நழுவ விட்டால் நுனியை எதுவும் தொடாது. மூடியைச் சாய்த்துப் போடுவது இன்னொரு காரணம். சாக்ஸபோன்காரர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை: கழுத்தில் தொங்கும் வாத்தியத்தின் மவுத்பீஸ் சட்டையோடு உரசிக்கொண்டே இருக்கும். பின்னல் துணியாக இருந்தால் ஒரே இழை போதும். வாசிக்காத நேரத்தில் மூடி போட்டுவிடுவதுதான் வழி. நுனியை விரலால் சுண்டிப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

பெயர்ந்த ரீடை உடனே எறிய வேண்டியதில்லை. மவுத்பீஸில் பொருத்தி, கீழ்த்துளையை உள்ளங்கையால் அடைத்து, மேலே வாய் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். வாயை எடுத்ததும் ரீட் ஒரு நொடி ஒட்டிக்கொண்டிருந்து 'பப்' என்று விடுபட்டால் அது இன்னும் சரியாக மூடுகிறது. அந்தச் சத்தமே வராவிட்டால் எங்கோ காற்று கசிகிறது. மூலையில் கண்ணுக்குத் தெரியாத அளவு போயிருந்தால் பயிற்சிக்கு ஓடும். நடுவில் பெயர்ந்தாலோ, பெயர்வாயிலிருந்து கீழே ஒரு கோடு இறங்கினாலோ உதவாது; ரீட் மூடும்போது அந்த இடம் மட்டும் திறந்தே இருக்கும், கீச்சிடும். நுனியை வட்டமாக வெட்டித்தரும் கிளிப்பர் கிடைக்கிறது. ஆனால் வெட்டியபின் புதிய நுனி பழையதைவிடத் தடித்த இடத்தில் அமைவதால் ரீட் விறைத்துவிடும். அதனால் வாசித்து வாசித்துத் தளர்ந்த ரீடுக்குத்தான் அந்த வைத்தியம் பொருந்தும்.

இனி ரீடுகளை மாற்றி மாற்றி வாசிக்கும் சுழற்சிக்கு வருவோம். 440 ஹெர்ட்ஸ் ஒலியை நிறுத்தி வாசித்தால் ரீட் நொடிக்கு 440 முறை மூடித் திறக்கிறது. ஒரு நிமிடத்தில் 26,400 முறை. கூடவே எச்சில் உள்ளே ஊறி மென்சதை உப்புகிறது, நாணலில் இருக்கும் சர்க்கரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறது. நீண்ட நேரம் வாசித்த ரீட் நீரில் கனத்து மந்தமாகிவிடும். ஒரு நாள் ஆறவிட்டால் நன்றாகவே மீளும். அன்றாடம் அதையே அடித்தால் மீள நேரமே இல்லாமல் சரிந்துபோகும். அப்போது பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தால் வாய்க்கு அது அந்நியமாக இருக்கும்.

2½ எண் கிளாரினெட் பெட்டி ஒன்றைத் திறக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நான்கை எடுத்து அடிப்பகுதியில் அ, ஆ, இ, ஈ என்று எழுதுகிறேன். 1, 2, 3 என்று எழுதினால் பலத்தின் எண்ணோடு குழம்பும். நுனியின் சுருக்கம் மறையும்வரை, ஓரிரு நிமிடம், தண்ணீரில் நனைக்க வேண்டும். முதல் நாள் ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம், கீழ் ஸ்தாயியிலும் நடுவிலும், உரக்க ஊதாமல். அடுத்த நாள் பத்து நிமிடம். இப்படி ஏற்றிக்கொண்டு போனால் ஒரு வாரத்தில் முழுப் பயிற்சியைத் தாங்கும்.

இதற்குள் நான்கின் குணமும் தெரிந்துவிடும். அ முதல் நாளே இனிமையாகப் பேசுகிறது. இப்படிப்பட்டது சீக்கிரம் தளரும் என்பதால் அதைக் கச்சேரிக்கென்று நம்பி வைக்க மாட்டேன். ஆ விறைக்கிறது, வாசிக்க வாசிக்கத்தான் இளகும், ஆகவே அவசரப்படாமல் சுற்றிலேயே விடுவேன். இயில் ஒலி மங்கல். மவுத்பீஸை வாயில் சற்றே திருப்பி, கீழுதடு ஒரு பக்கத்தை மட்டும் அழுத்தும்படி வைத்து ஊதுகிறேன்; இரண்டு பக்கமும் இப்படிச் செய்ததில் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் அடைத்தும் ஒலிக்கிறது. ரீடை மயிரிழை அளவு பக்கவாட்டில் நகர்த்தி மறுபடி ஊதிப் பார்த்து, இரண்டும் சமமாகும் இடத்தில் நிறுத்தலாம். ஈ நெகிழ்வு, அதை ஒரு இழை மேலே ஏற்றி வைக்க வேண்டும். அதற்குப்பின் நாளுக்கு ஒன்று என வரிசையாகப் போகும்.

வாசித்து முடித்ததும் அடியிலிருந்து நுனி நோக்கி, நார் ஓடும் திசையில் துடைத்து, தட்டையான உறையில் காற்றுப் படும்படி வைக்க வேண்டும். ஈரத்தோடு இறுக்கி மூடினால், சென்னை போன்ற கடலோர ஊரின் புழுக்கத்தில் கறுப்புப் புள்ளிகள் வரும். அது பூஞ்சை, அந்த ரீடை வாயில் வைக்கக்கூடாது. குளிரூட்டிய அறையில் நேர்மாறான சிக்கல்: காய்ந்து நுனி அலைபோல் நெளியும். மீண்டும் நனைத்து, மவுத்பீஸின் சமதளத்தில் வைத்துக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் பெரும்பாலும் நேராகும்.

நான்கில் ஒன்று மேல் ஸ்வரங்களில் சுருதி இறங்கத் தொடங்கி, மேலே ஏற்றி வைத்தும் தேறவில்லை என்றால் அதன் காலம் முடிந்தது. அந்த இடத்துக்கு ஐந்தாவது ரீட் வரும், ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்கி. மற்ற மூன்றும் நல்ல நிலையில் இருப்பதால் அதை அவசரப்படுத்த வேண்டிய தேவை இருக்காது.