விடியல் பனியில் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிகிறீர்களா?

காலை ஆறரைக்கும் இருட்டுதான்

மலாக்காவில் சூரியன் உதிக்க ஏறக்குறைய 7 மணியாகிவிடும். பிப்ரவரியில் 7.20-ஐக்கூடத் தொடும். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்தள்ளி வைத்தார்கள். அன்று தொடங்கி, நாம் ‘விடிந்துவிட்டது’ என்று எண்ணி நடக்கவோ சைக்கிள் மிதிக்கவோ கிளம்பும் ஆறரை மணி உண்மையில் இருட்டு வேளை.

தெங்கேராவின் கடைவீதியில் தெருவிளக்கு உண்டு. ஜாசின் தாண்டி, குனோங் லேடாங் அடிவாரத்து ஆசகான் பக்கம் போனால் இருபுறமும் செம்பனைதான். முந்தின மாலை மழை பெய்து, இரவு வானம் தெளிந்து, காற்றும் அசையாமல் நின்றால் தரை வேகமாகக் குளிரும். ஈரக்காற்று அதன்மேல் பனியாகப் படியும். பள்ளத்திலும் ஆற்றுப்பாலத்தின் அருகிலும்தான் அது முதலில் அடர்கிறது. மேட்டில் நன்றாகத் தெரிந்த சாலை, இறக்கத்தில் திடீரென்று மறைந்துபோவது இதனால்தான்.

எழுபது மீட்டர் கணக்கு

மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஒரு நொடியில் 19 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 29 மீட்டர் போய்விடும். ஈரச்சாலையில் கார் முழுதாக நிற்க இன்னும் 40 மீட்டர் வேண்டும். ஆகவே ஏறக்குறைய 70 மீட்டருக்கு முன்பே நீங்கள் அவர் கண்ணில் பட்டாக வேண்டும். லோரி என்றால் இதுவும் போதாது.

பனி இல்லாத இருட்டிலேயே, தாழ்த்திய விளக்கொளியில் கறுப்புச் சட்டைக்காரர் 30 மீட்டருக்குள் வந்த பிறகுதான் தெரிவார். ஒளிரும் மஞ்சள் சட்டைக்கும் பகல் வெளிச்சம் வேண்டும். இருட்டில் அதுவும் வெறும் சட்டைதான்.

பிரதிபலிப்பான் மட்டும் போதாது

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரதிபலிப்புப் பட்டைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. காரின் ஒளி பனியைக் கடந்து வந்து, பட்டையில் பட்டு, மறுபடியும் அதே பனியைக் கடந்து ஓட்டுநரிடம் திரும்ப வேண்டும். நீங்களே ஏந்தும் விளக்கின் ஒளிக்கோ ஒருவழிப் பயணம்தான்.

100 மீட்டர் வரைதான் கண் தெரியும் பனியை எடுத்துக்கொள்வோம். அப்படியென்றால் 100 மீட்டரைக் கடந்தபின் ஒளியில் நூற்றில் 5 பங்குதான் மிஞ்சும் என்பது வானிலையாளர் கணக்கு. அதன்படி, 70 மீட்டரில் உங்கள் விளக்கொளியில் நூற்றில் 12 பங்கு ஓட்டுநரை எட்டும். பட்டைக்குப் போய்த் திரும்பும் ஒளியிலோ ஒன்றரைப் பங்குதான் மிஞ்சும். பட்டையில் பனித்துளி படிந்தாலும் அழுக்கேறினாலும் அதுவும் குறையும்.

அந்தக் காலத்தில் பெரட்டுக்குப் போய், இருட்டோடு பால் மரம் வெட்டக் கிளம்பியவர்களின் நெற்றியில் விளக்கு இருந்தது. உடற்பயிற்சிக்குப் போகும் நமக்கும் அது தேவை.

சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு வேண்டும். பின்விளக்கைத் தொங்கும் பையோ மழைச்சட்டையோ மறைத்துவிடும். கிளம்புமுன் பின்னால் நின்று ஒருமுறை பாருங்கள். மின்னும் விளக்கு கவனத்தை இழுக்கும், ஆனால் தூரத்தைக் கணிக்க விடாது. ஆகவே ஒன்றையாவது நிலையாக எரியவிடுங்கள். பட்டையையும் விட்டுவிட வேண்டாம். அதை மார்பில் மட்டும் கட்டினால் ஏதோ சாலைக்கம்பம் போலத் தோன்றும். கணுக்காலில் கட்டினால், மேலும் கீழும் அசைவதைப் பார்த்ததுமே அது ஆள் என்று ஓட்டுநருக்குப் பிடிபடும்.

எந்தப் பக்கம் நடப்பது?

நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. நடப்பவர் வலப்பக்கம், வரும் வண்டிக்கு முகம் காட்டி நடக்க வேண்டும். அப்போதுதான் ஒதுங்க நேரம் கிடைக்கும். குழுவாகப் போனால் ஒருவர்பின் ஒருவராக நடப்பதே சரி. சாலை கூர்மையாக வலப்பக்கம் வளையும் இடத்தில் மட்டும், வளைவு வருமுன்பே மறுபுறம் கடந்துவிடுங்கள், ஏனெனில் உள்வளைவில் நிற்பவரை ஓட்டுநர் கடைசி நொடியில்தான் காண்பார். சைக்கிள்காரர் மற்ற வண்டிகளைப் போல இடப்பக்கமே போக வேண்டும். காதில் இயர்போன் வேண்டாம். பனியில் வண்டி கண்ணில் படுமுன் காதுக்குத்தான் எட்டும்.

கிளம்பலாமா, காத்திருக்கலாமா?

செம்பனை மரங்களைப் பெரும்பாலும் 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். சாலையோர வரிசையில் எட்டாவது, ஒன்பதாவது மரம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் 70 மீட்டர் பார்வை இல்லை என்று பொருள். அன்று சாலையில் இறங்க வேண்டாம். வெயில் ஏறினால் பனி கலையும்.

வெயில் ஏறியும் கலையாமல், கருகல் வாடையும் அடித்தால் அது பனியல்ல, புகைமூட்டம். 2013 ஜூனில் பக்கத்து மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746 வரை ஏறியது. 300-ஐத் தாண்டினாலே அபாய நிலை. குறியீடு 100-ஐத் தாண்டும் நாளில், ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் வெளியே நடக்கவே கூடாது. மற்றவர்களும் வேக நடையையும் சைக்கிளையும் தள்ளிப்போடுவது நல்லது.

இன்று மாலையே வீட்டாரிடம் உங்கள் விளக்கையும் பட்டையையும் கொடுத்து, இருட்டில் நூறு தப்படி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். டார்ச்சைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். பனி இல்லாதபோதே மங்கலாகத் தெரிந்தால், நாளைக் காலைக்குள் அதை மாற்றிவிடுங்கள்.