கட் இல்லாத மணல் கதை

அடியிலிருந்து ஒளி வரும் கண்ணாடி மேசையில் மணலைத் தூவி, விரலால் உருவம் வரைந்து, மேலே பொருத்திய கேமராவில் ஒவ்வொன்றாகப் படம்பிடித்து ஓடவிடுவது மணல் அனிமேஷன். வண்ணமோ தூரிகையோ இதற்குத் தேவையில்லை. மணல் இல்லாத இடம் வெள்ளையாகத் தெரியும். மெல்லிய படலம் பழுப்பாகவோ சாம்பலாகவோ தெரியும். தடித்த குவியல் ஒளியை முழுக்க மறைத்துக் கருப்பாகும். ஒரு பறவையின் மார்பு வெளிறியும் முதுகு இருண்டும் தோன்ற வேண்டுமானால், மார்புப் பக்கத்து மணலைக் கொஞ்சம் ஒதுக்கினால் போதும். மணலின் தடிமன்தான் இங்கே நிழலும் சாயலும்.

இந்த முறையைத் திரைப்படக் கலையாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவில் பிறந்த கரோலின் லீஃப். 1968இல் ஹார்வர்டில் மாணவியாக இருந்தபோது, அனிமேஷன் வகுப்புப் பயிற்சியாகக் கடற்கரை மணலை ஒளிமேசையில் கொட்டி ‘பீட்டரும் ஓநாயும்’ கதையைப் படமாக்கினார். பின்னர் மான்ட்ரியலில் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் சேர்ந்தார். அங்கே 1974இல் அவர் முடித்த ‘வாத்தை மணந்த ஆந்தை’, ஏழரை நிமிடத்தில் ஒரு தொல்கதையைச் சொல்லும் மணல் படம். கதை வட துருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களுடையது.

கதை சிறியது. ஆந்தை ஒன்று காட்டு வாத்தின் மேல் காதல் கொண்டு அதை மணக்கிறது. குஞ்சுகள் பிறக்கின்றன. குளிர்காலம் நெருங்கியதும் வாத்துகள் கடல் கடந்து தெற்கே புறப்படுகின்றன. உன்னால் முடியாது என்று சொன்னாலும் ஆந்தை கேட்பதில்லை, கூடவே பறக்கிறது. களைத்த வாத்துகள் நீரில் இறங்கி மிதந்து இளைப்பாறுகின்றன. ஆந்தைக்கு மிதக்கத் தெரியாது. அது மூழ்கிப் போகிறது.

மணலுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது கடினம். மணலில் முகபாவத்தை நுணுக்கமாகக் காட்ட முடியாது. விரல் நுனியைவிடச் சிறிய எதையும் நம்பிக்கையாக வரைய முடியாது. உருவத்தின் வெளிக்கோடுதான் பேச வேண்டும். வாத்துக்கு நீண்ட கழுத்து. ஆந்தைக்குக் கழுத்தே இல்லாத உருண்டைத் தலை. அரை வினாடி பார்த்தாலும் எது எது என்று தெரிந்துவிடும். இரண்டும் சேர முடியாதவை என்ற கதையின் கருவையும் அந்த இரண்டு வடிவங்களே சொல்லிவிடுகின்றன. வசனத்தால் விளக்க வேண்டியதில்லை. லீஃபின் படத்தில் இனுயிட் மக்களின் குரலில் பறவை ஒலிகளும் அவர்களுடைய மொழியும் கேட்கின்றன; மொழி புரியாதவருக்கும் கதை புரிந்துவிடுகிறது. எனவே மணலுக்குக் கதை தேடுபவர் பாத்திரங்களை எண்ணிப் பார்ப்பதற்கு முன், அவற்றின் நிழலை வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முடிகிறதா என்று பார்ப்பது நல்லது.

மேசை செய்வது பெரிய வேலையில்லை. பால்நிற அக்ரிலிக் பலகைக்குக் கீழே பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு எல்ஈடி விளக்குகளைப் பரப்பினால், விளக்குப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒளி ஒரே சீராகும். அக்ரிலிக்கைத் தேய்த்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி மணல் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அதனால் அதன்மேல் ஒரு சாதாரணக் கண்ணாடித் தகட்டை வைத்து, அதில்தான் வரைய வேண்டும். அறையில் வேறு விளக்கு எரியக் கூடாது. மேலிருந்து ஒளி விழுந்தால் மணல், நிழலாக இல்லாமல் வெறும் மணலாகவே தெரியும்.

மணல் நுண்ணியதாகவும் காய்ந்ததாகவும் இருக்க வேண்டும். கடற்கரை மணலானால் உப்புப் போகக் கழுவி, காயவைத்து, மாவு சல்லடையில் சலிப்பார்கள். உப்பு தங்கினால் அது காற்றின் ஈரத்தை இழுத்து மணலைக் கட்டியாக்கிவிடும். மழைக்காலத்தில் நன்றாகச் சலித்த மணலும் கோடு வரைந்தால் விளிம்பு உடைந்து நொறுங்கும். வாணலியில் லேசாகச் சூடாக்கினால் சரியாகும்.

இருவிதமாக வரையலாம். வெற்று மேசையில் மணலைத் தூவி இருண்ட உருவம் அமைப்பது ஒன்று. மேசை முழுவதும் மணல் பரப்பி, விரலால் விலக்கி ஒளிக் கோடுகள் வரைவது மற்றொன்று. முதல் முறையில் கோலமாவு விடுவதைப் போல விரலிடுக்கில் மணலைக் கசியவிட வேண்டும். இரண்டாவதில் விரல் நுனி, உள்ளங்கையின் ஓரம், மென்தூரிகை, அட்டைத் துண்டு எல்லாம் பயன்படும். தேர்ந்தவர்கள் ஒரே காட்சியில் இரண்டையும் கலப்பார்கள். இது வெறும் பாணி வேறுபாடு அல்ல. காட்சி மாற்றங்களின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இதைச் சார்ந்தவையே.

திரையில் ஒரு வினாடிக்கு 24 படச் சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு உருவத்தையும் இரண்டு முறை எடுத்தால் வினாடிக்கு 12 உருவங்கள் போதும். அப்படிக் கணக்கிட்டாலும் ஏழரை நிமிடத்துக்கு 5,400 உருவங்கள் வேண்டும். தாளில் வரைபவர் முக்கியமான நிலைகளை முதலில் வரைந்துவிட்டு இடைப்பட்டவற்றைப் பிறகு நிரப்பலாம். தவறினால் ஒரு தாளை மட்டும் மாற்றலாம். மணலில் அந்த வசதி இல்லை. அடுத்த உருவம் பிறக்க முந்தையது அழிய வேண்டும். மேசையில் எப்போதும் ஒரே ஒரு படம்தான் இருக்கும். நடுவில் பத்து சட்டங்கள் பிசகினால், பிசகு தொடங்கிய நிலையை மறுபடி வரைந்து அங்கிருந்து தொடர்வதைத் தவிர வேறு வழியில்லை.

காட்சிகளுக்கிடையே கட் வைப்பதும் மணலில் வீண் செலவு. கட் என்றால் மேசையைத் துடைத்துவிட்டு முழுப் படத்தையும் புதிதாகத் தொடங்க வேண்டும். இருக்கும் மணலையே தள்ளித் தள்ளி அடுத்த காட்சியாக்குவது எளிது, பார்க்கவும் அழகு. லீஃபின் படங்களில் ஒரு காட்சி இன்னொன்றாக உருகி மாறுவது இந்தப் பொருளின் இயல்பிலிருந்தே வந்தது. ஆகவே மணல் கதைக்குத் திட்டமிடும்போது முக்கியக் காட்சிகளை வரைந்துவிட்டுப் பிறகு இணைப்பைத் தேடுவது தலைகீழான வேலை. எந்தக் காட்சி எதுவாக மாறும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால், காட்சிகளின் அமைப்பு அதிலிருந்தே வரும்.

இதே கதையில் ஒரு மாற்றத்தைப் பயிற்சிக்காக எடுத்துக்கொள்ளலாம். ஆந்தையின் முகம் தெரிகிறது. அடுத்து, நிலவொளியில் கடலின் மேல் வாத்துக் கூட்டம் பறக்க வேண்டும். இடைவெளி இரண்டு வினாடி, அதாவது 24 உருவங்கள். இரண்டு காட்சிக்கும் பொதுவானது ஒரு வெள்ளை வட்டம்: ஆந்தையின் கண்ணே நிலவாகும். அந்த வட்டத்தைத் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் மாற்றுவதுதான் வேலை.

முதலில் மணலின் அளவைக் கணக்கிட வேண்டும். வெள்ளைப் பின்னணியில் சிறிய ஆந்தையை வரைந்திருந்தால், இரவு வானத்துக்கு வேண்டிய மணலை நடுவழியில் அள்ளிக் கொட்ட வேண்டியிருக்கும். திரை திடீரென்று இருண்டதுபோல் தெரியும். எனவே முன்பே ஆந்தையைப் பார்வையாளரை நோக்கி வரவிட்டு, அதன் முகம் திரையை ஏறக்குறைய நிறைக்கும்படி செய்துகொள்ள வேண்டும். இப்போது வானத்துக்கான மணல் மேசையிலேயே இருக்கிறது.

முதல் நான்கைந்து உருவங்களில் மாற்றம் மிகச் சிறிதாக இருக்கும். அலகின் விளிம்பு மங்கும். நிலவாக வேண்டாத கண்ணின் மேல் இமை இறங்குவதுபோல மணல் சரியும். அடுத்து முகத்தின் வெளிக்கோட்டிலிருந்து மணல் ஓரங்களுக்கு நகர்ந்து, முகமும் பின்னணியும் ஒரே இருளாகும். மிஞ்சிய கண்ணின் கருவிழியைப் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் மென்தூரிகையால் படிப்படியாக எடுத்துவிடுவார்கள். பத்தாவது உருவத்திலிருந்து பதினேழு வரை பெரிய அசைவுகளுக்கான நேரம். திரையின் கீழ்ப்பகுதியில் விரல் கிடையாக ஓடி ஒளிக் கீற்றுகளை எழுப்பும், கடல் பிறக்கும். பிறகு நிலவைச் சுற்றி மணல் சற்று மெலிந்து வெளிச்சம் பரவ, அதில் ஒரு சிட்டிகை மணலால் வைத்த கரும்புள்ளிகள் வாத்துகளாகும். கடைசி மூன்றில் கிட்டத்தட்ட எதுவும் அசையாது. அதன்பின் அரை வினாடியாவது படத்தை நிறுத்தி வைக்க வேண்டும். பார்ப்பவர் இது கடல், இது நிலவு என்று உணர்வதற்கு முன்பே வாத்துகள் சிறகடிக்கத் தொடங்கினால், மாற்றம் எவ்வளவு மென்மையாக இருந்தும் பயனில்லை.

மென்மை என்பது எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் நகர்த்துவதல்ல. அப்படிச் செய்தால் இயந்திரம் இழுத்ததுபோல் இருக்கும். தொடக்கத்தில் மெதுவாக, நடுவில் வேகமாக, முடிவில் மீண்டும் மெதுவாக என்று போனால்தான் கண் ஏற்றுக்கொள்ளும். அசையாத வட்டம் உண்மையிலேயே அசையாமல் இருப்பதும் முக்கியம். கை பட்டு அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகினாலும் திரையில் நிலவு துள்ளும். இப்போது டிராகன்ஃபிரேம் போன்ற மென்பொருளில் முந்தைய சட்டத்தை மங்கலாக மேலே காட்டி ஒப்பிடலாம். பிலிம் சுருள் காலத்தில் அது கழுவப்பட்டு வரும்வரை காத்திருந்துதான் பிழையை அறிய முடிந்தது.

எடுத்ததை ஓட்டிப் பார்த்தால் பிழையின் வகை தெரியும். திரை முழுவதும் வெளிச்சம் படபடத்தால் மணலில் குற்றமில்லை. கேமரா தானாக ஒளியளவை மாற்றிக்கொண்டிருக்கிறது, அல்லது விளக்கு துடிக்கிறது. கேமராவின் எல்லா அமைப்புகளையும் கையால் நிலைப்படுத்தி, ஷட்டரை ஐந்தில் ஒரு வினாடி அளவுக்கு மெதுவாக வைத்தால் பெரும்பாலும் தீரும். படம் முழுவதும் ஒருபக்கம் தாவினால் மேசையோ கேமராத் தாங்கியோ இடிபட்டிருக்கிறது. ஒதுக்கிய இடத்தில் பழைய உருவத்தின் மங்கலான சாயல் நின்றால், விரலின் எண்ணெய்ப் பசையில் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. கையையும் கண்ணாடியையும் துடைக்க வேண்டும். காட்சி போகப்போக மெல்ல இருண்டுகொண்டே வருவது இன்னொரு வகை. ஓரத்தில் ஒதுக்கிய மணல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நழுவுவதால் அது நேர்கிறது. சட்டத்துக்கு வெளியே ஓரங்களை அவ்வப்போது பெருக்கினால் போதும்.

மேடையில் பார்வையாளர் முன் நேரடியாக வரையும் மணல் நிகழ்ச்சி இதன் உறவினர், ஆனால் வேறு கலை. 2009இல் உக்ரைன் தொலைக்காட்சித் திறன் போட்டியில் இரண்டாம் உலகப்போர் பற்றிய மணல் கதையால் வென்ற க்சேனியா சிமோனோவா அதை உலகறியச் செய்தார். அங்கே கையும் திரையில் தெரியும். ஒரு பிடி மணலை வீசி முகத்தைக் கடலாக்கும் துணிச்சலே சுவை. 24 உருவங்களில் நடக்கும் நுண்மாற்றத்துக்கு அங்கே நேரமில்லை. ஹங்கேரியின் ஃபெரென்ஸ் சாகோ இரண்டு வகையிலும் தேர்ந்தவர். ஒரு காட்சி எப்படி இன்னொன்றாகிறது என்பதைக் கற்க விரும்புபவர்கள் மேடை நிகழ்ச்சிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் லீஃபின் ஆந்தைப் படத்தை ஒலியை அணைத்துவிட்டு, சட்டம் சட்டமாக நிறுத்திப் பார்க்க வேண்டும்.