அம்மை கண்ட மாடும் கடி ஈயும்

மாட்டுக்குப் பெரியம்மை கண்டுவிட்டது என்று தெரிந்ததும் கொட்டகை வாசலில் வேப்பிலை கட்டுவதும் பொழுது சாய்ந்ததும் மூட்டம் போடுவதும் நம் ஊர்களில் வழக்கம். மூட்டத்தால் கொசு விலகும், அதுவும் நல்லதுதான். ஆனால் இந்த நோயைப் பரப்புவதில் பெரும்பங்கு உள்ள கடி ஈ பகலில் கடிப்பது. இரவு மூட்டம் அதை ஒன்றும் செய்யாது.

அரசு அறிவிப்புகளில் தோல் கழலை நோய் என்று வரும் இந்த அம்மை, 1929-இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் முதலில் கண்டறியப்பட்டது. 2019-இல் ஒடிசா வழியாக இந்தியக் கால்நடைகளில் தெரியவந்தது. 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பெருமளவில் மாடுகள் மாண்டன. ஆட்டம்மை வைரஸின் நெருங்கிய உறவான வைரஸ்தான் காரணம். மனிதருக்கு இது தொற்றாது.

கடி ஈ பார்க்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும். உற்றுப் பார்த்தால் தலைக்கு முன்னே ஊசிபோல் ஒரு குழல் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். பெரும்பாலும் மாட்டின் காலில்தான் உட்காரும். மாடு ஓயாமல் காலை உதைத்துக்கொண்டு நின்றால் இந்த ஈ வந்திருக்கிறது என்று பொருள். கடி வலிப்பதால் மாடு உதறும். பாதி ரத்தம் குடித்த ஈ பக்கத்து மாட்டுக்குத் தாவும். முதல் மாட்டின் கட்டியில் குத்திய குழலில் ஒட்டிய வைரஸ் அப்படியே அடுத்த மாட்டின் தோலுக்குள் போய்விடுகிறது. கொசுவும் உண்ணியும்கூட நோயைக் கடத்தும்.

கடி ஈ மாட்டின்மேல் இருப்பது சில நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் சுவரிலும் வேலியிலும் உட்கார்ந்திருக்கும். அதனால் மாட்டின்மேல் மருந்து தெளிப்பது மட்டும் போதாது. அது முட்டையிடும் இடத்தைப் பார்க்க வேண்டும். சாணமும் கோமியமும் கலந்து ஊறிய வைக்கோல்தான் அந்த இடம். காடிக்கு அடியில் மாடு சிந்திய தீவனம், கொட்டகை மூலையில் ஒதுக்கிய கழிவு வைக்கோல், எருக்குழியின் ஈர ஓரம் ஆகியவற்றைக் கிளறினால் வெளிர்நிறப் புழு நெளியும். முட்டை ஈயாவதற்கு ஏறக்குறைய இரண்டு மூன்று வாரம் ஆகிறது. வாரம் ஒருமுறை இவற்றை வாரி வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைத்தாலே புழு சாகும். எருக்குவியலைத் தார்ப்பாயால் இறுக்கி மூடினாலும் உள்சூட்டில் அழியும்.

ஒரு வீட்டில் கறவைப் பசு, கிடாரி, கன்று என்று மூன்று உருப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பசு காலையில் தீவனம் எடுக்கவில்லை, பால் குறைகிறது, மூக்கும் கண்ணும் ஒழுகுகின்றன. காய்ச்சல் 105 பாரன்ஹீட் வரை போகிறது. ஓரிரு நாளில் கழுத்திலும் மடியிலும் புளியங்கொட்டை அளவிலிருந்து எலுமிச்சை அளவுவரை கெட்டியான கட்டிகள் எழும்புகின்றன. கட்டி தெரியும்வரை காத்திருக்காமல் காய்ச்சல் கண்ட அன்றே பசுவைத் தனியே கட்ட வேண்டும். முடிந்தால் அதைச் சுற்றிக் கொசுவலை. கன்றை மடியில் விடாமல், பாலைக் காய்ச்சி வெதுவெதுப்பாகப் புகட்ட வேண்டும். கறப்பவர் மற்ற மாட்டை முதலில் கவனித்துவிட்டு இதனிடம் கடைசியாக வரட்டும்.

வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. காய்ச்சலுக்கும், புண்ணில் சேரும் பாக்டீரியாவுக்கும்தான் கால்நடை மருத்துவர் ஊசி போடுகிறார். மருந்து நடக்கும்போதும், முடிந்து அவர் சொல்லும் நாள்வரையும் பாலை ஊற்றக்கூடாது. நாள் போகப்போகக் கட்டியின் நடுத்தோல் செத்துக் கறுத்து, சுற்றிலும் ஈர வளையம் விட்டு, தக்கைபோல் கழன்று விழும். குழிப்புண் மிஞ்சும். தக்கையைப் பிய்த்து எடுக்கக்கூடாது. விழுந்ததை எரித்துவிட வேண்டும், காய்ந்த பொருக்கில் வைரஸ் ஒரு மாதத்துக்கு மேலும் உயிரோடிருக்கும்.

புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள்தூள் அரைத்து நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சி ஆறவைத்துப் பூசுகிறார்கள். ஈ அண்டாமல் காக்க இது உதவும். புண்ணில் புழு விழுந்திருந்தால் முதலில் புழுவை எடுத்த பிறகுதான் பூச்சு. மூச்சிரைப்பு, முன்மார்பிலும் காலிலும் வீக்கம், மடி கல்லாக இறுகுதல் இவற்றில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தோடு நிற்கக்கூடாது.

தடுப்பூசி நலமாக உள்ள மாடுகளுக்கு. நம்மிடம் ஆட்டம்மைத் தடுப்பூசியே இதற்கும் போடப்படுகிறது. முழுப் பாதுகாப்பு வர மூன்று வாரம் ஆகும் என்பதால் மழைக்குப் பின் ஈ பெருகும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. முகாமில் உங்கள் மாட்டின் முறை வரும்போது ஊசியை மாற்றுகிறார்களா என்று கவனியுங்கள், மாற்றாவிட்டால் மாற்றச் சொல்லுங்கள். வரிசையில் முன்னால் நின்ற மாட்டுக்கு உள்ளே நோய் இருந்தால், அதே ஊசி கடி ஈயின் குழல் செய்யும் வேலையைச் செய்துவிடும்.