சுருட்டைத் தாடிக்கு எந்தக் கத்தி?

முதல் சுற்று மழித்து முடித்ததும், மறுபடி நுரை தடவிக்கொண்டே சலூன்காரர் கேட்பார்: “ரிவர்ஸ் போடவா தம்பி?” முடி வளரும் திசைக்கு எதிராக, கீழிருந்து மேலாக இன்னொரு முறை கத்தி ஓடும். கன்னம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். என் அக்கா மகன் ஆறு வருடமாக “போடுங்கண்ணே” என்றுதான் சொல்லிவந்தான். வீட்டில் ஐந்து பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜ் ரேசர். அதையும் தினமும் எதிர்த்திசையில்தான் ஓட்டுவான். ஹோட்டல் வரவேற்பறை வேலை. முகத்தில் ஒரு முள் தெரியக் கூடாது.

அவனுக்குத் தாடி கம்பி போல முரடு, அதோடு சுருட்டை. தாடைக்குக் கீழே கழுத்தில் கம்பு தூவினாற்போலக் கொப்புளங்கள். பரு என்று நினைத்துப் பரு மருந்தாகத் தடவினான். பரு என்றால் நெற்றியிலும் மூக்கிலும் தலைகாட்டியிருக்க வேண்டும். இவனுக்குக் கத்தி படும் இடத்தில் மட்டும்தான். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது சில கொப்புளங்களில் கறுப்பாக ஒரு சின்ன வளையம் தெரிந்தது. முடியின் ஒரு முனை வேரில் இருக்க, மறுமுனை தோலுக்குள் போய்க் குத்தியிருந்தது.

நேரான முடி நட்டுவைத்த குச்சி மாதிரி நிமிர்ந்து வளரும். சுருட்டை முடிக்கு அது முளைக்கும் குழியே வளைந்திருக்கிறது. அதனால் சாய்ந்து வெளியே வந்து, ஓரிரு மில்லிமீட்டர் வளர்ந்ததும் தோலை நோக்கித் திரும்பிவிடும். சாய்வாக வெட்டுப்பட்ட நுனியோ, சீவிய மூங்கில் போலக் கூராக இருக்கும். மெல்லிய முடியானால் தோலில் பட்டு வளைந்து போகும். முரட்டு முடி குத்தி இறங்கிவிடும். உடம்புக்கு அது தைத்த முள்தான், தன் முடி என்று தெரியாது. வீங்கும், சிவக்கும், சில சமயம் சீழ் கட்டும். ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களிடம் இது மிக அதிகம். அமெரிக்க ராணுவத்தில் இதற்காகவே மருத்துவர்கள் சவர விலக்கு எழுதிக் கொடுப்பது வழக்கம். 2020இல் விமானப்படை அந்த விலக்கு ஐந்து ஆண்டுகள் வரை செல்லுபடியாகும்படி மாற்றியிருந்தது; இப்போது அப்படி இல்லை.

முடி குத்த இன்னொரு வழியும் உண்டு. அதில்தான் கார்ட்ரிட்ஜ் ரேசரின் பங்கு வருகிறது. 1971இல் ஜில்லெட் நிறுவனம் இரட்டை பிளேடு ரேசரைக் கொண்டுவந்தபோது சொன்ன பெருமை இதுதான்: முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கும், அது உள்ளே திரும்புவதற்குள் இரண்டாவது பிளேடு வெட்டிவிடும். மிச்சமுள்ள முடி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். நேர் முடிக்காரருக்கு இது வரம். சுருட்டை முடியோ உள்ளே போன இடத்திலிருந்து வளரும்போது வாசலைத் தேடுவதில்லை; குழியின் சுவரையே பக்கவாட்டில் துளைத்துவிடும். தோலை இழுத்துப் பிடித்து எதிர்த்திசையில் மழித்தாலும் இதே கதைதான்.

ஆகவே எது நன்றாக மழிக்கிறது என்று கேட்பதைவிட, எது எந்த உயரத்தில் வெட்டுகிறது என்று கேட்பது நல்லது. கார்ட்ரிட்ஜ் தோலுக்குக் கீழே, சேஃப்டி ரேசர் ஏறக்குறைய தோல் மட்டத்தில், டிரிம்மர் தோலுக்குச் சற்று மேலே. இதைச் சொன்னதும் மருமகன் முகம் சுருங்கியது. அவன் அதிகம் பணம் கொடுத்து வாங்கியதுதான் அவனுக்கு ஆகாத கருவி. கார்ட்ரிட்ஜ் என்றாலே பல பிளேடு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2010இல் இந்தியாவுக்கென்றே வந்த ‘ஜில்லெட் கார்டு’ ஒற்றை பிளேடுதான். மலிவு என்பதற்காக வந்த அது, சுருட்டைத் தாடிக்கு ஐந்து பிளேடைவிடப் பொருத்தம்.

தோல் மருத்துவர் முதலில் எழுதிக் கொடுத்தது மருந்தை அல்ல, ஹோட்டலுக்கு ஒரு கடிதத்தை. நான்கு வாரம் சவரம் கிடையாது. முதல் வாரம் அரிப்பு கூடியது. பிறகு, தோலுக்குள் மாட்டிய முடிகள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம் வந்ததும், வளைத்த ஈர்க்குச்சி விடுபடுவதுபோலத் தாமாகவே வெளியே வந்தன. அடம்பிடித்த வளையங்களைச் சுத்தம் செய்த ஊசியால் மெல்ல நெம்பி, நுனியை மட்டும் வெளியே எடுத்துவிட்டான். பிடுங்கவில்லை. பிடுங்கினால் புது முடி அடியிலிருந்து முளைத்து வரும்போது மறுபடி சுவரைக் குத்தும்.

அடுத்து டிரிம்மர். அதில் இரண்டு சீப்புப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று. தோலில் படுவது அசையாத சீப்பு, வெட்டுவது மேலே ஓடும் சீப்பு. அந்த அசையாத சீப்பின் கனம்தான் காவல். மூடி போடாமல் ஓட்டினாலே சுமார் அரை மில்லிமீட்டர் மிச்சம் வைக்கும். வழுவழுப்புக்காக அழுத்தினாலும், தோலை இழுத்துப் பிடித்தாலும் அந்தக் காவல் போய்விடும். இரண்டு பற்களையும் ஒட்ட வைத்து ‘ஜீரோ’ செய்து தரும் கடைகளும் உண்டு. இந்தத் தாடிக்கு அது வேண்டாம். ஓட்டும்போது முடியை வெட்டாமல் பிடித்து இழுத்தால், சார்ஜ் குறைந்திருக்கிறது, அல்லது பல் மழுங்கியிருக்கிறது, அல்லது எண்ணெய் விட்டு நாளாகிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை ஓட்டினால் முடி திரும்பி வளையும் நீளத்துக்குப் போகாது.

குறை என்னவென்றால் முகத்தில் ஒரு கருநிழல் நிற்கும். மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. அங்கேதான் சேஃப்டி ரேசர் கைகொடுத்தது. அப்பா காலத்தில் அலமாரியில் இருந்த அதே இரும்புச் சாமான். ஒரே பிளேடு, ஆகவே இழுத்து வெட்டும் வித்தை கிடையாது. ஆனால் அவசரக்காரருக்கு இது ஆகாது. முதலில் இரண்டு நாள் முள்ளை விரலால் எல்லாத் திசையிலும் தடவிப் பார்க்க வேண்டும்; வழுக்கும் திசைதான் முடி வளரும் திசை. மருமகனுக்குக் கன்னத்தில் கீழ்நோக்கி, கழுத்தின் இடப்பக்கம் காதை நோக்கிப் படுக்கையாக, தொண்டைக்குழி அருகே ஒரு சுழி. குளித்தபின் நுரை தடவி இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு, பிளேடைச் சுமார் 30 டிகிரி சாய்த்து, ரேசரின் கனத்திலேயே இறக்க வேண்டும். அந்தந்தத் திசையில் ஒரே ஒரு முறை.

பிளேடை மூன்று நான்கு சவரத்துக்கு மேல் வைக்காதே என்றேன். முடியைவிட எஃகு எத்தனையோ மடங்கு கடினம், அது எப்படி மழுங்கும் என்று கேட்டான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் நுண்ணோக்கியில் பார்த்ததைச் சொன்னேன். வளையும் முடி பிளேடின் ஓரத்தில் ஒரு பலவீனமான புள்ளியில் உரசினால் எஃகே சில்லுசில்லாகப் பெயர்கிறது. சில்லு போன பிளேடு முடியைக் கரகரவென்று இழுக்கும். கை தானாக அழுத்தும். மறுநாள் கழுத்து எரியும்.

எல்லாக் கழுத்துக் கொப்புளமும் இது அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வட்டமாகப் பரவி அரித்தால், முடி தொட்டதும் கழன்று வந்தால், அது படையாக இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு அதை மோசமாக்கும். கொப்புளம் ஆறாமல் கெட்டியான தழும்பாக எழும்பினால் கருவி மாற்றிப் பயனில்லை, மருத்துவர்தான்.

இப்போது கன்னத்துக்கு வாரம் இரண்டு முறை சேஃப்டி ரேசர், கழுத்துக்கு எப்போதும் டிரிம்மர். நிழல் கழுத்தில் மட்டும் என்பதால் மேலாளர் விட்டுவிட்டார். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு முன்பு இருவரும் சலூனுக்குப் போனோம். சலூன்காரர் புது பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் பொருத்தினார். அதுவும் ஒற்றை பிளேடுதான்.

“ரிவர்ஸ் வேண்டாம்ணே. கழுத்துல தோலை இழுக்காம போடுங்க.”

“இழுக்காம போட்டா கத்தி கீறிடும் தம்பி” என்றவர், கழுத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். கத்தியை வைத்துவிட்டு மிஷினை எடுத்தார்.