அழைக்க வேண்டாம், எழுதிக் கேளுங்கள்

மருத்துவமனையில் முன்பதிவு என்றால் பெரும்பாலும் ஒரு தொலைபேசி எண்தான். காது கேளாதவர் அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினால், ‘கால் பண்ணுங்க’ என்று பதில் வருகிறது. இல்லையென்றால் உறுதிப்படுத்த அவரை அழைக்கிறார்கள். எடுக்காததால் நேரம் ரத்தாகிறது.

முதல் செய்தியிலேயே கேட்டுவிடலாம்: “எழுத்தில் பேசலாமா, சைகைமொழிபெயர்ப்பாளர் வேண்டுமா?” பிறவியிலேயே கேளாத பலருக்குச் சைகைமொழிதான் முதல் மொழி, நீண்ட தமிழ் வாக்கியம் சிரமம். “12-ஆம் தேதி, வியாழன், காலை 10.30. வர முடியுமா? ஆம் / இல்லை” என்று எழுதினால் போதும். ‘நாளை மறுநாள்’ வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால், மருத்துவரின் நேரத்தை முடிவு செய்யும் முன்பே அவருக்கு எப்போது முடியும் என்று கேட்க வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் குறைவு. நேரில் வர முடியாதபோது வீடியோ அழைப்பு உதவும். ஆனால் இணையம் தடுமாறினால் திரையில் கைகள் அப்படியே நின்றுவிடும். பரிசோதனை அறையில் சிக்னல் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

‘மகளைக் கூட்டி வரச் சொல்லுங்களேன்’ என்பார்கள். அம்மாவின் கருப்பைக் கோளாறை மகள் வழியாக விசாரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மா பாதியை மறைப்பார். பயமுறுத்தும் செய்தியை மகள் மறைப்பாள்.

இத்தனையும் செய்துவிட்டு, வந்த நாளில் பெயரைக் கூவி அழைத்தால் அவர் உட்கார்ந்தே இருப்பார். பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே குறித்து வைத்தால், வரவேற்பில் இருப்பவர் எழுந்து போய்க் கூப்பிடுவார்.