பட்டியலில் இல்லாதவர்களை எண்ணும் மூன்று வழிகள்

2004 மே மாதம் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. நார்வே அந்த ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை என்றாலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் இருப்பதால், போலந்துத் தொழிலாளர்களுக்கு அங்கே வேலைக்குப் போகும் வாசல் திறந்தது. சில ஆண்டுகளிலேயே நார்வேயில் குடியேறியவர்களில் போலந்துக்காரர்களே பெரிய கூட்டமாகிவிட்டார்கள். ஆண்கள் பெரும்பாலும் கட்டட வேலைக்கும், பெண்களில் பலர் வீடு துடைக்கும் வேலைக்கும் போனார்கள். அவர்களுக்கு என்ன கூலி கிடைக்கிறது, எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா, எத்தனை பேர் ஓர் அறையில் தங்குகிறார்கள் என்பதையெல்லாம் அறிய வேண்டுமானால் சில நூறு பேரிடம் கேட்டாக வேண்டும். அந்தச் சில நூறு பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நார்வேயில் மக்கள் பதிவேடு மிக ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் எண்ணத்தோடு வருபவர்கள்தான் அதில் குடியிருப்பாளராக ஏறுவார்கள். குறுகிய காலத்துக்கு வருபவர்களுக்குத் தற்காலிக எண் ஒன்று கொடுக்கப்படும். அந்த எண்ணோடு பதிவாகும் முகவரி அவர்கள் படுத்துறங்கும் இடத்தின் முகவரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கில் வராமல் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த எண்ணும் இருக்காது. மோசமான நிலையில் இருப்பவர்களே பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். ஆய்வு தேடுவதும் அவர்களைத்தான்.

நல்ல பட்டியல் கையில் இருந்தால் முறைசார் கூறெடுப்பு போல எளிய வழி வேறில்லை. 6,000 பெயர்களிலிருந்து 500 பேர் வேண்டுமென்றால் இடைவெளி 12. முதல் பன்னிரண்டு பெயர்களில் ஒன்றைக் குலுக்கலில் எடுக்க வேண்டும். அது 7 என்றால் அடுத்து 19, 31, 43 என்று போய்க்கொண்டே இருக்கலாம். தொடக்கம் குலுக்கலில் வந்ததால் ஒவ்வொருவருக்கும் 12-இல் 1 என்ற ஒரே வாய்ப்பு கிடைக்கிறது. களப்பணியாளரின் விருப்பு வெறுப்புக்கு இதில் இடமே இல்லை.

இந்த முறை வழுக்கும் இடம் பட்டியலின் அடுக்கு. எட்டுக் கட்டில் போட்ட அறைகள் வரிசையாக இருக்கும் ஒரு தொழிலாளர் முகாமை எடுத்துக்கொள்ளலாம். கட்டில்கள் அறை வாரியாக எண்ணிடப்பட்டிருக்க, இடைவெளியும் எட்டு என்று அமைந்துவிட்டால் எல்லா அறையிலும் ஒரே இடத்துக் கட்டில்தான் விழும். அது சன்னலோரக் கீழ்க் கட்டில் என்றால், அதைப் பிடித்து வைத்திருக்கும் பழைய ஆட்களிடம் மட்டும் பேசிவிட்டு ஆய்வு முடியும். நேற்று வந்து மேல் கட்டிலில் ஏறியவன் ஒருவன்கூடக் கூறில் இருக்க மாட்டான். அடுக்கின் ஒழுங்கும் இடைவெளியும் பொருந்திவிடுகின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துவிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

பட்டியல் இல்லாத இடத்திலும் இதே முறையை வாசலில் நின்று செய்யலாம். ஓஸ்லோவின் புனித ஒலாவ் பேராலயத்தில் போலந்து மொழியில் திருப்பலி நடக்கிறது. அது முடிந்து வெளியே வருபவர்களில் ஒவ்வொரு பத்தாவது ஆளையும் நிறுத்திக் கேட்டால் அதுவும் முறைசார் கூறெடுப்பே. ஆனால் வாரந்தோறும் வருபவர் அகப்படும் வாய்ப்பு, மாதம் ஒருமுறை வருபவரைப் போல நான்கு மடங்கு. எத்தனை முறை வருகிறார் என்று கேட்டு, அதற்கேற்ப அவர் பதிலின் எடையைக் குறைத்துவிடலாம். கோயில் பக்கமே வராதவருக்கோ வாய்ப்பு பூஜ்யம். எந்தக் கணக்காலும் அவரை உள்ளே கொண்டுவர முடியாது. சனி, ஞாயிறும் வேலை பார்ப்பவர்கள் இந்தப் பக்கம்தான் விழுவார்கள்.

ஒதுக்கீட்டுக் கூறெடுப்பு பட்டியலே கேட்காது. ஆண்கள் 300, பெண்கள் 200. அதில் கட்டட வேலை இத்தனை, வீட்டு வேலை இத்தனை என்று பிரித்துக்கொடுத்துவிட்டால், களப்பணியாளர் அந்த எண்ணிக்கை நிரம்பும்வரை ஆள் தேடுவார். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் இந்த ஒதுக்கீட்டை எங்கிருந்து கணக்கிட்டார்கள் என்று கேட்டால் முறை ஆட்டம் காண்கிறது. மக்கள்தொகையில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று தெரிந்தால்தானே அந்த விகிதத்தில் பிரிக்க முடியும்? சிதறிக் கிடக்கும் புலம்பெயர் கூட்டத்தில் ஆய்வே அதைக் கண்டுபிடிக்கத்தான் நடக்கிறது. பதிவேட்டு விகிதத்தை வைத்துப் பிரித்தால் பதிவேட்டின் குறை அப்படியே ஆய்வுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விகிதம் சரியாகத் தெரிந்தாலும் இன்னொரு கோளாறு உண்டு. 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் ட்ரூமன் தோற்பார், டூயி வெல்வார் என்று பெரிய கருத்துக்கணிப்புகள் சொல்லின. வென்றவர் ட்ரூமன். அந்தக் கணிப்புகள் ஒதுக்கீட்டு முறையில் நடந்தவை. வயது, பால், வருமான வகை என்று எண்ணிக்கை சரியாக நிரம்பியிருந்தது. ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் யாரைக் கேட்பது என்பதைக் களப்பணியாளரே முடிவு செய்தார். அணுக எளிதானவர்களை, நல்ல தெருவில் இருப்பவர்களை நோக்கியே கால்கள் போயின. கணிப்புகள் பிழையானதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், ஒதுக்கீட்டு முறை மதிப்பிழந்ததில் இதற்குப் பெரிய பங்கு. ஓஸ்லோவிலும் இதேதான் நடக்கும்: பெண்கள் 200 நிரம்பும், ஆனால் அவர்கள் நார்வேஜிய மொழி கொஞ்சம் பேசும், பகலில் ஓய்வாக இருக்கும் பெண்களாக இருப்பார்கள். கட்டம் நிரம்பிவிட்டதால் கோளாறு வெளியே தெரியாது. முடிவில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று கணக்கிடவும் வழியில்லை. யாருக்கு எவ்வளவு வாய்ப்பு கிடைத்தது என்பது யாருக்கும் தெரியாதே.

மூன்றாவது வழி, தேடும் வேலையை அந்தக் கூட்டத்திடமே ஒப்படைக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் ஊசிவழி போதைப்பொருள் பயன்படுத்துவோரை எட்டுவதற்காக வகுத்து 1997-இல் வெளியிட்ட பதிலாளர் வழிக் கூறெடுப்பு அது. நார்வேயின் ஃபாஃபோ ஆய்வு நிறுவனம் 2006-இல் ஓஸ்லோவின் போலந்துக்காரர்களிடம் இந்த முறையைக் கையாண்டு ஏறத்தாழ 500 பேரைப் பேட்டி கண்டது.

வேலை நடக்கும் விதம் பொதுவாக இப்படி. ஒன்றுக்கொன்று மாறுபட்ட ஆறேழு பேரை ‘விதை’களாக எடுத்துக்கொள்வார்கள்: ஒரு கொத்தனார், ஒரு வீட்டு வேலைப் பெண், ஒரு பேருந்து ஓட்டுநர் என்று. பேட்டி முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் மூன்று கூப்பன் தரப்படும். அதில் பேட்டி நடக்கும் இடம், நேரம், கடைசி நாள், ஒரு எண் இருக்கும். அவர் தெரிந்தவர்களிடம் அதைக் கொடுப்பார். வந்து பேட்டி தருபவருக்கு ஒரு சிறு தொகை, அவரை அனுப்பியவருக்கும் ஒரு சிறு தொகை. எண்ணை வைத்து யார் யாரை அனுப்பினார் என்பது தெரியும். பெயர் கேட்க வேண்டியதே இல்லை. ஒருவர் இரண்டு முறை வந்துவிடாமல் இருக்க, சில ஆய்வுகளில் மணிக்கட்டின் சுற்றளவைக்கூட அளந்து வைக்கிறார்கள். கூப்பனை மூன்றோடு நிறுத்துவதற்கும் காரணம் உண்டு. ஊரையே தெரிந்த ஒருவர் நூறு பேரைத் தன் பக்கமாக இழுத்துவிடக் கூடாது. சங்கிலி நீள வேண்டும். ஐந்தாறு அலை தாண்டியதும், முதலில் எந்த விதையிலிருந்து தொடங்கினோம் என்பதன் சாயல் தேய்ந்துபோகும் என்பது இந்த முறையின் அடிப்படை எதிர்பார்ப்பு.

இதைப் பழைய ‘பனிப்பந்து’ முறையிலிருந்து முக்கியமாகப் பிரிப்பது ஒரு கேள்வி: “ஓஸ்லோவில் உங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த, உங்களையும் பெயர் சொல்லத் தெரிந்த, கடந்த ஒரு மாதத்தில் நேரில் பார்த்த போலந்துக்காரர்கள் எத்தனை பேர்?” அதிகப் பேரைத் தெரிந்தவர் கைக்குக் கூப்பன் வந்து சேரும் வாய்ப்பு அதிகம். எனவே ஒவ்வொருவரின் பதிலுக்கும் அவருக்குத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்த எடையே தரப்படும். 2008-இல் எரிக் வோல்ஸும் ஹெக்கத்தார்னும் தந்த சூத்திரத்தின் சாரம் இதுதான்.

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூறில் வந்தவர்கள் 200 பேர். 120 பேர் கட்டடத் தொழிலாளர்கள், ஒவ்வொருவருக்கும் 20 பேரைத் தெரியும். 80 பேர் வீட்டு வேலைப் பெண்கள், ஒவ்வொருவருக்கும் 5 பேரைத்தான் தெரியும். எடை போடாமல் எண்ணினால் வீட்டு வேலைப் பெண்களின் பங்கு 40 சதவீதம். எடை போட்டால் கட்டடத் தொழிலாளர்களுக்கு 120-ஐ 20-ஆல் வகுத்து 6. பெண்களுக்கு 80-ஐ 5-ஆல் வகுத்து 16. மொத்தம் 22-இல் 16, அதாவது சுமார் 73 சதவீதம். தனித்தனி வீடுகளில் ஒதுங்கி வேலை பார்த்து, கூறில் குறைவாக அகப்பட்ட பெண்கள் தங்கள் உண்மையான பங்கைப் பெறுகிறார்கள்.

ஆனால் அந்த 20 என்ற எண் எங்கிருந்து வந்தது? கேட்டதும் யாரும் விரல்விட்டு எண்ணிப் பார்ப்பதில்லை. “ஒரு இருபது பேர் இருக்கும்” என்று சொல்வார்கள். பதில்களை அடுக்கிப் பார்த்தால் 10, 20, 50 ஆகிய எண்களில் குவிந்திருக்கும். 13-உம் 17-உம் அரிது. தொழிலாளர்களுக்கு உண்மையில் 10 பேரைத்தான் தெரியும் என்றால் 120-ஐ 10-ஆல் வகுத்து 12 வரும். பெண்களின் பங்கு 28-இல் 16, சுமார் 57 சதவீதமாக இறங்கிவிடும். மொத்தக் கணிப்பும் ஒரு ஞாபகத்தின் மேல் நிற்கிறது. அதனால்தான் தேர்ந்த களப்பணியாளர்கள் அந்தக் கேள்வியைத் துண்டாக்கிக் கேட்கிறார்கள்: வேலையிடத்தில் எத்தனை பேர், தங்குமிடத்தில் எத்தனை பேர், கோயிலில், உறவில் எத்தனை பேர் என்று. முழு ஆய்விலும் அதிக நேரம் செலவழிக்கத் தகுந்த கேள்வி இதுவே.

எடை போடுவது எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது என்பதற்குச் சான்று 2012-இல் வெளியான ஓர் உகாண்டா ஆய்வு. ஏற்கெனவே முழு விவரமும் கையில் இருந்த 2,402 ஆண் குடும்பத் தலைவர்களிடையே இந்த முறையை நடத்திப் பார்த்தார்கள். 927 பேர் வந்தார்கள். பெரும்பாலும் கூறு மக்கள்தொகையை ஒத்தே இருந்தது. ஆனால் இளைஞர்களும் வசதியானவர்களும் குறைவாக வந்திருந்தார்கள்; எடை போட்ட பிறகும் அந்தக் குறை தீரவில்லை. தெரிந்தவர்கள் குறைவாக இருந்ததால் வராதவரை எடை மீட்டெடுக்கும். கூப்பன் கைக்கு வந்தும், அந்தச் சிறு தொகைக்காக அரை நாளை விட மனமில்லாமல் வராதவரை மீட்காது.

இன்னொரு ஆபத்து, கூட்டம் தனித்தனித் தீவுகளாக இருப்பது. கொத்தனார் கொத்தனாரையே அனுப்பி, வீட்டு வேலைப் பெண் தன்னைப் போன்றவளையே அனுப்பினால் சங்கிலிகள் ஒன்றையொன்று தொடாமலே நீளும். இதைக் களத்திலேயே கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு விதையிலிருந்து வந்தவர்களையும் தனியாகப் பிரித்து, ஆள் சேரச் சேரப் பெண்களின் விகிதம் எப்படி மாறுகிறது என்று கோடு வரைய வேண்டும். கோடுகள் போகப்போக ஓரிடத்தில் நெருங்கினால் நல்லது. ஒன்று 20 சதவீதத்திலும் மற்றொன்று 80 சதவீதத்திலும் கிடையாக ஓடினால், அது ஒரு கூட்டமல்ல, இரண்டு. தனித்தனியாகவே அறிக்கை தர வேண்டும்.

நண்பர் நண்பரைப் போலவே இருப்பதால், 500 பேரின் பதிலில் 500 தனிச் செய்திகள் இருப்பதில்லை. எளிய குலுக்கலோடு ஒப்பிட்டால் மாறுபாடு நான்கு மடங்கு என்று வைத்தால், 500 பேர் 125 பேருக்குச் சமம். பாதிப் பேர் ஒப்பந்தமில்லாமல் வேலை பார்க்கிறார்கள் என்ற முடிவுக்கு இருபுறமும் 4 புள்ளிக்குச் சற்று மேல் என்றிருந்த பிழை ஏறத்தாழ 9 ஆகிவிடும்.

ஆகவே கட்டட வேலை போல ஆட்கள் ஒருவரையொருவர் அறிந்து கூடிவாழும் தொழில்களுக்கு மூன்றாவது முறை பொருந்தும். முதலாளி கொடுத்த முகாம் பட்டியல் முழுமையாக இருந்தால் முறைசார் கூறெடுப்பே மேல். ஒதுக்கீட்டு முறையைக் கேள்வித்தாளைச் சரிபார்க்கும் முன்னோட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். விகிதங்களை அறிவிக்க அது போதாது. வளைகுடா நாடுகளில் முதலாளி வீட்டிலேயே தங்கி, வார விடுமுறையும் கைபேசியும் மறுக்கப்பட்ட பணிப்பெண்ணிடம் இந்த மூன்றில் எதுவும் போய்ச் சேராது. அவளுக்குக் கூப்பன் கொடுக்கத் தெரிந்தவர் இல்லை, அவள் நிற்கும் வாசலும் இல்லை. அவளைப் பற்றிக் கேட்க, அவள் புறப்பட்டு வந்த ஊரில் அவள் குடும்பத்தின் கதவைத் தட்ட வேண்டும். அல்லது அவள் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும்.